வாயால் சாப்பிடாதவருக்கு ஏன் பல் தீட்ட வேண்டும்?

“வாயால ஒண்டுமே சாப்பிடுறேல்லையே மிஸ்ஸி, பிறகேன் பல்லுத் தீட்டுவான்?”

மல்லாவிப் பக்கத்திலிருந்து தாயைக் கொண்டுவந்து எங்கள் விடுதியில் சேர்த்திருந்த மகள் கேட்டது இது. தாய்க்கு 71 வயது. பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு நின்று, வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. வந்த அன்று ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தபோதே இருமல் வந்ததால், மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதனூடாகவே பாலும் வடித்த கஞ்சியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். மகள் இந்தக் கேள்வியைக் கேட்டது மூன்றாம் நாள் காலையில்.

மகளின் கவனிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தாயின் தலையை வாரிக் கட்டியிருந்தார். முகம் துடைத்து நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். படுக்கைப்புண் வரக்கூடாதென்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தார். வாயை மட்டும் திறந்து பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வாரம் விடுதி நிரம்பி வழிந்தது. ஊசி, மருந்து, குழாய்ச் சாப்பாடு, அழுத்தம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் எழுதி வைக்க ஒரு தாள் இருக்கிறது. வாய்க்கு இல்லை. தாளில் இல்லாத வேலைதான் முதலில் விடுபடும்.

ரோச் லைட்டை அடித்து வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு காய்ந்து, நடுவில் வெடித்திருந்தது. மேலண்ணத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு படை, காய்ந்துபோன பசை போல ஒட்டிக் கிடந்தது. பல்லுக்கும் முரசுக்கும் இடையில் மஞ்சளாக மாப் போல ஒன்று. வலது கன்னத்துக்குள், உணர்ச்சி இல்லாத அந்தப் பக்கத்தில், ஒரு பாக்குத் துண்டு இருந்தது. விழுந்த அன்று காலையில் போட்ட வெற்றிலையின் மிச்சம். மூன்று நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

சரி, கேள்விக்கு வருவோம். சாப்பிட்டால்தானே வாய் அழுக்காகும், சாப்பிடாத வாயை ஏன் கழுவ வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மை நேர்மாறானது. சாப்பிடுகிற வாயை விடச் சாப்பிடாத வாய்தான் வேகமாக அழுக்காகிறது.

காரணம் எச்சில். சுகமாக இருக்கிற ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை எச்சில் சுரக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை, ஏனென்றால் சுரக்கச் சுரக்க விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். வன்னியில் வயல் செய்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். குளத்துத் துருசு திறந்து தண்ணீர் ஓடுகிற வரை வாய்க்கால் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். துருசைப் பூட்டினால் நாலைந்து நாளில் தேங்கி நிற்கிற இடமெல்லாம் பச்சையாய்ப் பாசி படர்ந்துவிடும். எச்சில்தான் வாய்க்கு அந்த ஓட்டம். வாயில் கிருமி தங்காமல் கழுவிக் கொண்டுபோகிறது, அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. கிருமிகளை அடக்குகிற சில புரதங்களும் அதிலேயே இருக்கின்றன.

எச்சில் நன்றாகச் சுரக்க வேண்டுமானால் மெல்ல வேண்டும், ருசி தெரிய வேண்டும். மூக்குக் குழாயால் சாப்பாடு நேரே இரைப்பைக்குப் போகும்போது இரண்டுமே இல்லை. அதோடு படுக்கையில் கிடப்பவர் பெரும்பாலும் வாயைத் திறந்துதான் மூச்சு விடுவார். ஒட்சிசன் முகமூடி போட்டிருந்தால் அந்தக் காற்று இன்னும் உலர்த்தும். நீர் போவதற்குக் கொடுக்கிற மாத்திரை, சில தடிமன் மருந்துகள், சில மனநோய் மருந்துகள் என்பனவும் எச்சிலைக் குறைக்கும். நாக்கும் கன்னமும் அசையாததால், சாப்பாட்டோடு சாப்பாடாக நடக்கிற அந்தத் தேய்ப்பும் இல்லாமல் போகிறது. ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் குட்டையாகிவிடுகிறது.

குட்டையில் என்ன வளரும்? பல்லைத் தீட்டாமல் ஒரு நாள் விட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகப் பிசுபிசுப்பாக ஒன்று வரும். அது சாப்பாட்டு மிச்சம் இல்லை. அதில் பெரும்பகுதி பற்றீரியா. பசை போன்ற ஒன்றைத் தாங்களே சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. அதனால்தான் கொப்பளித்தாலும் போகாது, துணியால் ஒருக்கால் துடைத்தாலும் போகாது. தும்புள்ள ஒன்றால் தேய்த்தால்தான் பெயரும். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு பிரஷ் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்னொன்றும் நடக்கிறது. சுகமான ஆளின் வாயில் இருக்கிற பற்றீரியா பெரும்பாலும் நம்மோடு ஒத்துப்போய்ப் பழகியவை. கடுமையான வருத்தத்தோடு வைத்தியசாலையில் படுத்து ஓரிரு நாளிலேயே அந்தக் கூட்டம் மாறத் தொடங்குகிறது. வழக்கமாக வாயில் அதிகம் இராத, குடலிலும் வைத்தியசாலைச் சூழலிலும் காணப்படுகிற கிருமிகள் வந்து இடம் பிடிக்கின்றன. கிளெப்சியெல்லா, சூடோமோனஸ், ஸ்டபிலோகொக்கஸ் என்று சளிப் பரிசோதனை அறிக்கைகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பெயர்கள் இவை. வழக்கமான மருந்துக்கு அடங்காதவையும் இவற்றுக்குள் இருக்கும்.

வாயில் இருப்பது எப்படி நெஞ்சுக்குள் போகிறது? தொண்டையின் அடியில் இரண்டு வழிகள் பிரிகின்றன. பின்னால் இருப்பது இரைப்பைக்கு, முன்னால் இருப்பது நுரையீரலுக்கு. விழுங்கும் ஒவ்வொரு தடவையும் குரல்வளை மேலெழும்பி மூச்சு வழியை மூடிக்கொள்கிறது. மூடுவது ஒரு கணம் பிந்தினால் துளி தவறிப்போகும். அதைத்தான் புரைக்கேறுகிறது, பிரக்கடிக்கிறது என்று சொல்கிறோம். உடனே இருமல் வந்து தவறியதை வெளியே தள்ளிவிடும்.

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் இந்த விழுங்கும் ஒழுங்கு குழம்பியிருக்கும். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தொண்டையின் உணர்ச்சியும் மழுங்கியிருக்கும். துளி தவறி உள்ளே போகும், ஆனால் இருமல் வராது. முகம் சுளிக்கவும் மாட்டார்கள். சத்தமில்லாமல் புரையேறுவது என்று இதைச் சொல்லலாம். பக்கத்தில் இரவு பகலாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

எச்சில் தவறி உள்ளே போவது நோயாளிக்கு மட்டும் நடப்பதும் இல்லை. சுகமான ஆட்களைத் தூக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்ததில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆழ்ந்த தூக்கத்தில் கொஞ்ச எச்சில் மூச்சு வழிக்குள் போவது தெரிய வந்திருக்கிறது. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. போவது சின்ன அளவு, எச்சிலில் கிருமி குறைவு, இருமல் வேலை செய்கிறது, எழும்பி நடமாடி ஆழ மூச்சு விடுகிறோம். படுக்கையில் கிடப்பவருக்கு இந்த நாலுமே எதிராகத் திரும்பியிருக்கின்றன. போகிற அளவையும் இருமலையும் நம்மால் உடனே சரிக்கட்ட முடியாது. எச்சிலில் இருக்கிற கிருமியைத்தான் குறைக்க முடியும். வாய்ச் சுத்தம் செய்வது அதற்குத்தான்.

மகள் அப்போது இன்னொன்றும் கேட்டார். “மூக்கால குழாய் போட்டிருக்குத்தானே, அது இருக்கேக்க நெஞ்சுக்குப் போகாதெல்லோ?”

குழாய் சாப்பாட்டை இரைப்பைக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். மூச்சு வழியை அது மூடுவதில்லை. எச்சில் குழாய்க்குள்ளால் இறங்குவதும் இல்லை. அது வாயில் சுரந்து, தொண்டையில் தேங்கி, தன் பாட்டில் வழியும். போதாததற்கு, இரைப்பையின் மேல் வாசலில் குழாய் நிற்பதால் அந்த வாசல் இறுக மூடாமல், பால் மேல் நோக்கித் திரும்பவும் இடமிருக்கிறது. ஆகவே குழாய் போட்டவருக்கு வாய் அலுவல் குறையவில்லை, கூடியிருக்கிறது.

வாயைச் சுத்தம் செய்தால், இப்படி நெஞ்சுக்குள் போகிற கிருமியால் வரும் நிமோனியா உண்மையிலேயே குறையுமா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். யப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பவர்களே ஏறத்தாழ ஐந்து நிமிடம் பல் தீட்டிவிட்டார்கள். மற்றவர்களை வழக்கம்போல விட்டுவிட்டார்கள். இரண்டு வருடத்தில், வழக்கம்போல விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. தீட்டிவிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. கிருமி பல்லில் மட்டுமில்லை, நாக்கிலும் அண்ணத்திலும் கட்டுப்பல்லிலும் இருக்கிறது. அந்த 11 பேரையும் மறக்கக்கூடாது. நன்றாகக் கவனித்தும் அவர்களுக்கு வந்திருக்கிறது. வாய்ச் சுத்தம் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

இனி அந்த அம்மாவுக்கு அன்று செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரம். குழாயால் பால் கொடுத்த கையோடு வாய்க்குள் கை வைத்தால் ஓங்காளித்துச் சத்தி வந்துவிடும். ஆகவே அடுத்த பாலுக்கு முன்னம் செய்வதென்று முடிவெடுத்தோம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் குறைந்தது ஒரு மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

அடுத்தது இருத்துகிற விதம். இந்த வேலை முழுவதிலும் ஆபத்தான இடம் இதுதான். மல்லாக்கப் படுத்திருப்பவரின் வாயில் தண்ணீர் விட்டால் அது தொண்டைக்குத்தான் இறங்கும். கழுவப் போய் நாமே கிருமியை நெஞ்சுக்குள் அனுப்பியவர்கள் ஆவோம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கிட்டத்தட்டச் சாய்மனைக் கதிரையில் இருப்பது போலச் சாய்த்தோம். தலையை ஒரு பக்கம் திருப்பி, நாடியைச் சற்றுக் கீழே நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்தோம். வாய்க்குள் வடிவாகத் தெரிய வேண்டுமென்று நாடியை மேலே தூக்கிப் பிடிப்பது எல்லாரும் செய்கிற பிழை. நாடி மேலே போனால் மூச்சு வழி நேராகித் திறந்துகொள்ளும். குனிந்து பார்க்க வேண்டியவர் நீங்கள், நிமிர வேண்டியவர் நோயாளி இல்லை. நினைவே இல்லாதவரானால் இருத்தக்கூடாது, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, வழிவது கன்னத்தில் தேங்கி வெளியே வர விட வேண்டும்.

நாடிக்குக் கீழே ஒரு துவாயை விரித்தோம். கையுறை, ரோச் லைட், வழிவதை ஏந்த ஒரு தட்டு, கொதித்தாறிய தண்ணீர் ஒரு கோப்பை, சுத்தமான கோஸ் துணி. வெளியே கடையில் வாங்கிவந்த, சின்னப் பிள்ளைகளுக்கான மிருதுவான பிரஷ். பெரியவர்களின் பிரஷ் இழுபட்ட வாய்க்குள் கடைவாய் வரை போகாது. சக்ஷன் மெஷினையும் கட்டிலருகே இழுத்துவந்து போட்டுப் பார்த்து வைத்தோம்.

பிறகுதான் வாய். முதலில் உதட்டை நனைத்தோம். காய்ந்த உதட்டை அப்படியே இழுத்தால் வெடித்து இரத்தம் வரும். அப்புறம் கன்னத்திலிருந்த பாக்குத் துண்டை, பல்லுக்கு வெளிப்பக்கத்தால் கோஸ் சுற்றிய விரலை விட்டு எடுத்தோம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் விரலை ஒருபோதும் வைக்கக்கூடாது. நோயாளி வேண்டுமென்று கடிக்கமாட்டார், ஆனால் எதுவும் பட்டவுடன் தாடை தானாக இறுகும். பிரஷைக் கடித்துப் பிடித்தாலும் இழுத்துப் பறிக்காமல் கொஞ்சம் பொறுத்திருந்தால் விட்டுவிடுவார். கரண்டியை விட்டு நெம்பித் திறப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆடுகிற பல்லொன்று உடைந்து உள்ளே போனால் அந்தக் கதை வேறு. எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு ஆடுகிற பல்லுக்குக் குறைவில்லை, ஆகவே தொடங்க முன்னம் எது ஆடுகிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்ல அசைத்தாலே கையோடு வரும் போல இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

அண்ணத்துப் படையை நான் உடனே தொடவில்லை. அது காய்ந்த சளியும் உதிர்ந்த தோலும் சேர்ந்தது. உலர்ந்தபடி உரித்தால் கீழே புண்தான் இருக்கும். கோஸைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அந்த இடத்தில் தொட்டுத் தொட்டு ஈரமாக்கிவிட்டு, அது ஊறுகிற நேரத்தில் பல்லைத் தீட்டினோம்.

பிரஷைத் தண்ணீரில் தோய்த்து உதறினோம். சொட்டுச் சொட்டாக வழியக்கூடாது. பற்பசை ஒரு அரிசி மணி அளவு போதும். துப்பத் தெரியாதவருக்கு நுரை ஆபத்து, துடைத்தெடுக்க வசதியில்லையானால் பசையே வேண்டாம். பசை வாசத்துக்கும் பல்லின் பாதுகாப்புக்கும்தான், கிருமிப் படையைப் பெயர்ப்பது தும்பு. பல்லும் முரசும் சந்திக்கிற கோட்டில் பிரஷைச் சற்றுச் சரித்து வைத்து, சின்னச் சின்னதாக அசைத்தோம். நாலைந்து பல் முடிந்ததும் நிறுத்தி, பிரஷைக் கழுவி, வாய்க்குள் சேர்ந்ததைச் சக்ஷனால் இழுத்தோம். திரும்ப அடுத்த நாலைந்து பல். ஒரே மூச்சில் முழு வாயையும் தேய்த்துவிட்டுக் கடைசியில் துடைப்போம் என்று இருந்தால், பெயர்த்த கிருமி முழுவதும் அதற்குள் தொண்டைக்குப் போய்விடும். பெயர்ப்பது பாதி வேலை, வெளியே எடுப்பது மறு பாதி.

முரசில் இரத்தம் கசிந்தது. மகள் பயந்து கையை எடுத்துவிட்டார். பல நாள் தீட்டாத முரசு வீங்கியிருக்கும், தொட்டால் கசியும். மெதுவாகத் தொடர்ந்து தீட்டிவந்தால் ஒரு கிழமையளவில் குறையும். நிற்காமல் வழிந்தால் வேறு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், டெங்குவில் குருதிச்சிறுதட்டு இறங்கியிருப்பவர்களுக்கும் பிரஷ் போட முன்னம் டொக்டரைக் கேட்க வேண்டும்.

பல் முடிய நாக்கை, பின்னாலிருந்து முன்னால், அழுத்தாமல் நாலு இழுப்பு. அடிநாக்கு வரை போனால் ஓங்காளிக்கும். அதற்குள் அண்ணத்துப் படை ஊறியிருந்தது. ஓரத்திலிருந்து ஈரக் கோஸால் உருட்டியபோது பாதி வந்தது. மீதியை அன்று விட்டுவிட்டோம். முழுவதும் போக இரண்டு நாள் எடுத்தது. கடைசியாக உதட்டுக்குத் தண்ணீர் சார்ந்த ஜெல் மெல்லியதாகப் பூசினோம். ஒட்சிசன் போகிறவருக்கு வாசலீன் போன்ற எண்ணெய்ப் பசைகளைத் தவிர்ப்பது நல்லது, ஒட்சிசனுக்குக் கிட்ட அவை தீப்பற்றக்கூடியவை. எல்லாம் முடிந்தபோது பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. முதல் நாள் என்றபடியால்தான் அவ்வளவு நேரம், பிறகு ஏழெட்டு நிமிடத்துக்குள் முடிந்தது.

இப்படித் தீட்டுவது காலையும் இரவும். இடையில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால், பக்கம் மாற்றுகிற நேரத்திலேயே, பிழிந்த ஈரக் கோஸால் வாயை நனைத்துவிட்டால் போதும். இரவில் தீட்டுவதைத் தவறவிடக்கூடாது. தூக்கத்தில்தான் எச்சில் குறைகிறது, விழுங்குவதும் குறைகிறது.

மகளின் பையில் ஒரு சின்னப் போத்தலில் நல்லெண்ணெய் இருந்தது. வாய் காயுது என்று அயலில் ஒரு ஆச்சி கொடுத்துவிட்டது. இதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். எண்ணெய் கொப்பளிப்பது துப்பத் தெரிந்தவர் செய்கிற வேலை. விழுங்க முடியாதவரின் வாயில் எண்ணெய் விட்டால் அது தொண்டையை உறுத்தாமல், இருமலைக்கூட எழுப்பாமல் நெஞ்சுக்குள் வழியும். நுரையீரலால் எண்ணெயைக் கரைத்து அகற்ற முடியாது, அதுவே ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். தேன் பூசுவதும் தேசிக்காய் தடவுவதும் அப்படித்தான் வேண்டாதவை. தேனின் சீனி கிருமிக்குத் தீனி. தேசிக்காயின் புளிப்பு முதலில் எச்சிலை ஊற வைக்கும், பிறகு வாயை இன்னும் உலர்த்திப் பல்லின் மேற்படையையும் அரிக்கும்.

மருந்துக் கடையில் குளோர்ஹெக்சிடின் வாய்கழுவி கிடைக்கும். அதை வாங்கித் தடவினால் தீட்ட வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பசை போன்ற அந்தப் படைக்குள் மருந்து முழுதாக இறங்காது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்கு முன்னர் அதை வழக்கமாகவே பூசிவந்தார்கள். 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டல் அதை வேண்டாமென்று சொல்லி, அந்த மருந்தில்லாமல் பிரஷால் தீட்டச் சொல்கிறது. டொக்டர் குறிப்பாக எழுதித் தந்தால் பாவியுங்கள், நீங்களாக வாங்க வேண்டாம்.

அந்த அம்மாவுக்குக் கீழே கட்டுப்பல்லும் இருந்தது. மகள் அதை ஒரு கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். கழற்றி வைத்தது நல்லது, விழுங்க முடியாதவரின் வாயில் அது இருக்கக்கூடாது. ஆனால் கடதாசியில் காய்ந்தால் வளைந்துவிடும். பிரஷும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூடியுள்ள கோப்பையில் தண்ணீருக்குள் போட்டு, பெயர் எழுதி வைக்க வேண்டும். பெயர் எழுதாத கட்டுப்பல் விடுதியில் தொலைந்து போவதையும், வேறொருவரின் வாய்க்குப் போவதையும் நான் கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் இரவு அம்மாவின் மூச்சில் ஒரு மாற்றம். காய்ச்சல் பெரிதாக இல்லை. வயதானவர்களுக்கு நெஞ்சில் கிருமி பிடித்தாலும் காய்ச்சல் வராமலே இருக்கலாம், ஆகவே நெற்றியைத் தொட்டுப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. மகள் முதலில் கவனித்தது, “அம்மா இண்டைக்குக் கூட நித்திரையா கிடக்கிறா” என்பதைத்தான். தொண்டையில் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தமும் இருந்தது. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினோம், 28. சும்மா படுத்திருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும். விரலில் மாட்டிப் பார்த்ததில் ஒட்சிசன் 91க்கு இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு நிழல். வலது பக்க மூச்சுக்குழாய் இடதை விட அகலம், நேராகவும் இறங்குகிறது, அதனால் தவறிப் போவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும்.

“நாங்கள் தீட்டினதாலதானோ மிஸ்ஸி?” என்று மகள் கேட்டார். அப்படி இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதல் மூன்று நாளில் போனதா, பிறகு போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த நாட்களிலும் நரம்பு வழி மருந்து போய்க்கொண்டிருக்க, காலையும் இரவும் தீட்டுவதை நிறுத்தவில்லை. தலைப்பக்கம் உயர்ந்தே இருந்தது, பால் கொடுத்துக் குறைந்தது ஒரு மணித்தியாலம் வரை இறக்கவில்லை. மருந்து தொடங்கி நாலாம் நாளுக்குப் பிறகு மூச்சு 20க்கு வந்தது.

பதினாறாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினோம், குழாயோடுதான். வீட்டில் சக்ஷன் மெஷின் இல்லை. அதனால் போக முன்னம் இரண்டு நாள், பசையில்லாமல் உதறிய பிரஷால் இரண்டிரண்டு பல்லாகத் தீட்டி, ஒவ்வொரு தடவையும் கன்னத்துக்குள் தேங்கியதைக் கோஸால் ஒற்றி எடுக்கப் பழக்கினோம். கட்டிலை உயர்த்த முடியாதென்பதால் முதுகுக்கு நெல் மூட்டையைச் சாய்த்து மேலே தலையணை வைப்பதாகச் சொன்னார். சரியாமல் இருந்தால் அது நல்ல ஏற்பாடுதான். இடுப்பு மடிந்து கீழே வழுகிவிடாமல் முழங்காலுக்குக் கீழேயும் ஒரு தலையணை வைக்கச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். நான் கேட்க முன்னமே மகள் தன் போன் வெளிச்சத்தைப் போட்டு, “ஆ எண்டுங்கோ அம்மா” என்றார். அம்மாவுக்குச் சொல் இன்னும் திரும்பவில்லை, ஆனால் வாய் திறந்தது. நாக்கு ஈரமாக இருந்தது. அண்ணம் இளஞ்சிவப்பு. கடைவாயில் மட்டும் வெற்றிலைக் காவி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது எத்தனையோ வருடக் காவி, பிரஷுக்குப் போகாது.